எஃப்ஜிஎஸ்எம் தாக்குதலும் அட்வர்சேரியல் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலை மாணவர்களுக்கான ஆய்வக வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அட்வர்சேரியல் எடுத்துக்காட்டு என்றால் மங்கலாகவோ கெட்டுப்போயோ இருக்கும் படம்தானே?

இல்லை. மங்கலான படத்தைப் பார்த்தால் மனிதரும் தடுமாறுவார். இங்கே பேசப்படுவது மனிதருக்கு எந்தக் குழப்பமும் தராமல், மாடலை மட்டும் தவறவைக்கும்படி கணக்கிட்டுத் திருத்திய படம். கிறிஸ்டியன் செகெடியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் இதை முதலில் நியூரல் நெட்வொர்க்குகளில் விரிவாகக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய முறை ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட கணக்கீட்டைக் கோரியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இயன் குட்ஃபெலோ, ஜொனாதன் ஷ்லென்ஸ், செகெடி ஆகிய மூவரும் ஒரே படியில் முடிந்துவிடும் முறையை வெளியிட்டார்கள். அதுதான் ஃபாஸ்ட் கிரேடியன்ட் சைன் மெத்தட், சுருக்கமாக எஃப்ஜிஎஸ்எம்.

அந்தக் கட்டுரையின் பாண்டா படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கூக்ளெநெட் மாடல் அதை 57.7 விழுக்காடு உறுதியோடு பாண்டா என்று சொன்னது. ஒவ்வொரு பிக்சலையும் 0.007 என்ற அளவு கூட்டியோ குறைத்தோ வைத்த பிறகு, அதே படத்தை 99.3 விழுக்காடு உறுதியோடு கிப்பன் என்ற வாலில்லாக் குரங்காகச் சொன்னது. அந்த மாடல் படத்தை உள்வாங்கும் எண்ணளவில் 0.007 என்பது 8 பிட் படத்தின் கடைசி பிட்டை ஒத்த மாற்றம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மாடல் தவறியது மட்டுமல்ல, சரியாகச் சொன்னபோது இருந்ததைவிட அதிக உறுதியோடு தவறியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எந்த இரைச்சலைச் சேர்த்தாலும் மாடல் தடுமாறத்தானே செய்யும்? இதில் தனியாக என்ன இருக்கிறது?

தற்போக்கான இரைச்சலும் திட்டமிட்ட மாற்றமும் ஒரே பருமனில் இருந்தாலும் அவற்றின் விளைவு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். 28×28 பிக்சல் கொண்ட ஒரு படத்தை, அதாவது 784 எண்களை, ஓர் எளிய நேர்கோட்டு மாடல் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிக்சலின் எடையும் கூட்டல் 0.05 அல்லது கழித்தல் 0.05. ஒரு படத்துக்கு மாடல் தரும் ஸ்கோர் கூட்டல் 2. சிக்மாய்டு வழியாக அது 0.88 நிகழ்தகவு ஆகிறது. இப்போது ஒவ்வொரு பிக்சலையும் 0.1 மாற்ற நமக்கு அனுமதி உண்டு.

எந்தப் பிக்சலைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தால், ஒன்றின் விளைவை இன்னொன்று பெரும்பாலும் தின்றுவிடும். ஸ்கோரில் ஏற்படும் மாற்றத்தின் திட்ட விலக்கம் 0.1 × 0.05 × √784, அதாவது 0.14 மட்டுமே. ஸ்கோர் 2இலிருந்து 1.86 ஆனால் யாருக்கும் தெரியாது. எடையின் குறியைப் பார்த்து, கூட்டல் எடை உள்ள பிக்சலைக் குறைத்து, கழித்தல் எடை உள்ளதைக் கூட்டினால் 784 பிக்சல்களும் ஒரே பக்கம் இழுக்கும். மாற்றம் 784 × 0.1 × 0.05, அதாவது 3.92. ஸ்கோர் −1.92க்கு வந்து, நிகழ்தகவு 0.13 ஆகிவிடும். பிக்சலுக்கு ஒரே அளவு மாற்றம்தான். விளைவு 28 மடங்கு. உண்மையான படத்தில் ஏற்கெனவே முழுக் கறுப்பாக உள்ள பிக்சலை மேலும் குறைக்க முடியாது என்பதால் இந்த எண் சற்றுச் சுருங்கும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

பிக்சல்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்த இடைவெளி அதன் வர்க்கமூலத்தோடு வளரும். குட்ஃபெலோவின் குழு முன்வைத்த விளக்கமும் இதுவே. நியூரல் நெட்வொர்க் வளைந்து நெளிந்த சிக்கலான சார்பு என்பதால் ஏமாறுகிறது என்று முன்பு கருதப்பட்டது. அவர்கள் சொன்னது நேர்மாறானது: உள்ளீட்டின் அருகில் அது பெரிதும் நேர்கோட்டைப் போல நடந்துகொள்வதால்தான் இவ்வளவு எளிதாக ஏமாறுகிறது.

சரி, எஃப்ஜிஎஸ்எம் படிப்படியாக என்ன செய்கிறது?

மேலே நேர்கோட்டு மாடலில் எடையின் குறியைப் பார்த்தோம். ஆழமான மாடலில் பிக்சலுக்கென்று ஒற்றை எடை கிடையாது. அந்த இடத்தைக் கிரேடியன்ட் நிரப்புகிறது. பயிற்சியின்போது நாம் லாஸ் என்ற பிழையளவின் கிரேடியன்டை மாடலின் எடைகளைப் பொறுத்துக் கணக்கிடுகிறோம். இங்கே எடைகளை அப்படியே விட்டுவிட்டு, உள்ளீட்டுப் பிக்சல்களைப் பொறுத்துக் கணக்கிடுகிறோம். லாஸ் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் ஒவ்வொரு பிக்சலையும் எப்சிலான் என்ற ஒரு சிறு அளவு நகர்த்துகிறோம். அவ்வளவுதான். கீழே x என்பது படம், y சரியான விடை, θ மாடலின் எடைகள், J லாஸ், ε எப்சிலான்.

`x_adv = x + ε · sign(∇x J(θ, x, y))`

பைடார்ச்சில் இது நான்கு வரி:

```python
def fgsm(model, x, y, eps):
    x = x.clone().detach().requires_grad_(True)
    loss = F.cross_entropy(model(x), y)
    g, = torch.autograd.grad(loss, x)
    return (x + eps * g.sign()).clamp(0, 1).detach()
```

மாடல் வழியாக ஒரு முறை முன்னோக்கியும் ஒரு முறை பின்னோக்கியும் போனால் போதும். பெயரில் உள்ள "ஃபாஸ்ட்" என்ற சொல்லுக்கு இதுவே காரணம். பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் ஏமாற்றுப் படங்களைப் புதிதாக உருவாக்க முடிவதும் இந்த வேகத்தால்தான்.

கிரேடியன்டில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சரியான அளவு இருக்கும்போது, அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் குறியை மட்டும் எடுப்பது வீண் இல்லையா?

நாம் ஏற்றுக்கொண்ட எல்லை எது என்பதைப் பொறுத்தது இது. "எந்தப் பிக்சலும் எப்சிலானுக்கு மேல் மாறக்கூடாது" என்பது விதி. இந்த விதியின்படி ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே எப்சிலான் வரை செலவழிக்கும் உரிமை உண்டு. ஒரு பிக்சலில் மிச்சம் பிடிப்பதால் இன்னொன்றுக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே சிறிய கிரேடியன்ட் உள்ள பிக்சலையும் முழு எப்சிலான் அளவுக்கு நகர்த்துவதுதான் லாபம். லாஸ் நேர்கோடாக இருந்தால் இந்த எல்லைக்குள் அதை உச்சத்துக்குக் கொண்டுபோகும் விடையும் இதுவேயாகும்.

விதி வேறாக இருந்தால், எடுத்துக்காட்டாக எல்லாப் பிக்சல்களின் மாற்றங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டிய தொகைக்கு வரம்பு இருந்தால், ஒரு பிக்சலில் செலவழித்தது இன்னொன்றில் குறையும். அப்போது கிரேடியன்டை அதன் நீளத்தால் வகுத்து அப்படியே பயன்படுத்துவதே சரி. குறி எடுப்பதும் எடுக்காததும் சுவை சார்ந்த தேர்வு அல்ல. எல்லையின் வடிவம் அதைத் தீர்மானிக்கிறது.

எப்சிலான் எவ்வளவு வைக்க வேண்டும்?

டேட்டாவையும், பிக்சல் எந்த அளவுகோலில் உள்ளது என்பதையும் சொல்லாமல் எப்சிலானை மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. பிக்சல் 0 முதல் 1 வரை இருக்கையில், கையெழுத்து எண்களான எம்னிஸ்டுக்கு 0.25 அல்லது 0.3 வழக்கம். சிறு வண்ணப் படங்களான சிஃபார்-10க்கு 8/255, அதாவது ஏறத்தாழ 0.031.

எம்னிஸ்டில் இவ்வளவு பெரிய எண் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் படங்கள் பெரும்பாலும் தூய கறுப்பும் தூய வெள்ளையுமாகவே இருப்பதால், 0.25 அளவு சாம்பல் படிந்தாலும் மனிதர் 7ஐ 7 என்றே படிப்பார். இதே காரணத்தால் எம்னிஸ்டில் கிடைக்கும் வெற்றியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 0.5க்குக் கீழே உள்ளதை 0 ஆகவும் மேலே உள்ளதை 1 ஆகவும் மாற்றும் ஒரு வரியே பெரும்பாலான மாற்றத்தைத் துடைத்துவிடும். வண்ணப் படங்களில் அந்தக் குறுக்குவழி இல்லை.

எப்சிலான் 0.25 வைத்தேன், கட்டுரையில் சொன்ன அளவுக்குத் துல்லியம் விழவில்லை. நண்பருக்கோ எப்சிலான் சிறிதாக இருக்கும்போதே விழுந்துவிட்டது. எங்கே தவறு?

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் தவறு இருக்க வாய்ப்பு அதிகம்: நார்மலைசேஷன். எம்னிஸ்ட் படங்களிலிருந்து சராசரி 0.1307ஐக் கழித்து, 0.3081ஆல் வகுத்து மாடலுக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். அப்படி மாற்றிய எண்களின் மேல் 0.25ஐச் சேர்த்தால், உண்மையான பிக்சல் அளவில் அது 0.25 × 0.3081, அதாவது 0.077தான். நீங்கள் அறிவித்த எப்சிலானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தாக்குதலைத்தான் நடத்தியிருக்கிறீர்கள்.

நண்பரின் பிழை `clamp(0, 1)` வரியில் இருக்கக்கூடும். நார்மலைஸ் செய்த பிறகு கறுப்பு −0.42 ஆகவும் வெள்ளை 2.82 ஆகவும் இருக்கும். அவற்றை 0க்கும் 1க்கும் இடையில் நறுக்கினால், திரும்பப் பிக்சலாக மாற்றும்போது கறுப்பு 0.13 ஆகவும் வெள்ளை 0.44 ஆகவும் வெளிறிப்போகும். துல்லியம் விழுவது தாக்குதலால் அல்ல, படம் வெளுத்ததால். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: எப்சிலானை 0 என்று வைத்து முழு நிரலையும் ஓட்டுங்கள். சாதாரணத் துல்லியத்தோடு ஒரு படம்கூட மாறாமல் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் பிழை தாக்குதலுக்கு வெளியே இருக்கிறது. நார்மலைசேஷனை மாடலின் முதல் அடுக்காக உள்ளே வைத்துவிட்டு, தாக்குதல் எப்போதும் 0 முதல் 1 வரையான பிக்சல்களையே தொடும்படி செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. மேலே கொடுத்த நிரல் அப்படி எழுதப்பட்டதே.

இன்னும் இரண்டு சிறு பொறிகள். மதிப்பிடும்போது `model.eval()` விடுபட்டால் டிராப்-அவுட் ஒவ்வொரு முறையும் வேறு கிரேடியன்டைத் தரும். படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமித்துப் பிறகு சோதித்தால், அந்தச் சுருக்கமே மாற்றத்தில் ஒரு பகுதியை அழித்துவிடும். இந்த இரண்டாவதில் நானே இரண்டு நாள்களை இழந்திருக்கிறேன்.

சூத்திரத்தில் சரியான விடை y இருக்கிறது. மாடலின் எடைகளும் தேவைப்படுகின்றன. வெளியாளிடம் இவை எப்படி இருக்கும்?

விடையைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. படத்தைப் பார்க்கும் எவருக்கும் அது பாண்டா என்று தெரியும். தெரியாவிட்டால் மாடல் முதலில் சொல்லும் விடையையே y ஆக எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் ஒரு கேள்வியில் முக்கியமாகும்.

எடைகள் இல்லாதவர், அதே வேலைக்குத் தானே ஒரு மாடலைப் பயிற்றுவித்து, அதைக் கொண்டு ஏமாற்றுப் படங்களை உருவாக்கி, உங்கள் மாடலிடம் கொடுக்கலாம். ஒரு மாடலை ஏமாற்றும் படம் வேறு அமைப்பும் வேறு பயிற்சி டேட்டாவும் கொண்ட மாடலையும் பல நேரங்களில் ஏமாற்றுகிறது என்பது 2013 கட்டுரையிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரே வேலைக்குப் பயின்ற மாடல்கள் ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்ந்த எடைகளைக் கற்றுக்கொள்வதே காரணம் என்று எஃப்ஜிஎஸ்எம் கட்டுரை விளக்கியது.

ஏமாற்றுப் படங்களை ஒருமுறை உருவாக்கிப் பயிற்சி டேட்டாவில் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. அந்தப் படங்கள் உருவாக்கிய நேரத்தில் இருந்த எடைகளுக்கு எதிராகக் கணக்கிட்டவை. பயிற்சி சில படிகள் நகர்ந்ததும் எடைகள் மாறிவிடும். பழைய படங்கள் கூர்மை இழந்துவிடும். புதிய எடைகளுக்கு எதிராகப் புதிய படங்களை எவரும் உருவாக்கிவிடலாம். அட்வர்சேரியல் பயிற்சியில் ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தக் கணத்து எடைகளைக் கொண்டே படங்களைப் புதிதாக உருவாக்குகிறோம்:

```python
x_adv = fgsm(model, x, y, eps)
loss = 0.5 * F.cross_entropy(model(x), y) \
     + 0.5 * F.cross_entropy(model(x_adv), y)
opt.zero_grad(); loss.backward(); opt.step()
```

பாதிப் பங்கு சாதாரணப் படத்துக்கு, பாதிப் பங்கு ஏமாற்றுப் படத்துக்கு என்ற இந்த விகிதம் எஃப்ஜிஎஸ்எம் கட்டுரையில் உள்ளதே. `fgsm` திருப்பித் தரும் படத்தை `detach` செய்திருப்பதால் ஏதாவது தவறிப்போகுமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். குறிச் சார்பின் வகைக்கெழு ஏறக்குறைய எல்லா இடத்திலும் சுழியம்தான். அதன் வழியாகப் பின்னோக்கிச் செல்ல எதுவும் இல்லை.

பலன் என்ன என்பதற்கு அந்தக் கட்டுரையின் எம்னிஸ்ட் எண்களே போதும். எப்சிலான் 0.25இல் சாதாரணமாகப் பயின்ற மேக்ஸ்-அவுட் நெட்வொர்க் 89.4 விழுக்காடு படங்களில் தவறியது. அட்வர்சேரியல் பயிற்சிக்குப் பிறகு அது 17.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் இந்த 17.9, எஃப்ஜிஎஸ்எம் தாக்குதலுக்கு எதிரான எண் மட்டுமே. இனி வரும் கேள்விகள் எல்லாம் இந்த "மட்டுமே" என்ற சொல்லைச் சுற்றியவை.

என் மாடல் சாதாரணப் படங்களைவிட எஃப்ஜிஎஸ்எம் படங்களில் அதிகத் துல்லியம் காட்டுகிறது! இது நல்ல செய்திதானே?

இல்லை, இது எச்சரிக்கை மணி. தாக்கிய படம் தாக்காத படத்தைவிட எளிதாக இருக்க நியாயம் இல்லை. அப்படி இருந்தால், தாக்குதலே மாடலுக்கு விடையைச் சொல்லிக்கொடுக்கிறது என்று பொருள். சூத்திரத்தில் சரியான y இருப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரேடியன்டின் குறி y-யைப் பொறுத்து மாறுகிறது. எனவே படத்தின் மேல் படியும் மெல்லிய கோலம் எந்த y-க்காகப் போடப்பட்டது என்ற தடயத்தைத் தாங்கியிருக்கிறது. எஃப்ஜிஎஸ்எம் ஒரே படியில், எப்போதும் ஒரே அளவில் மாற்றுவதால் அந்தக் கோலம் எளிதில் அடையாளம் காணத்தக்கது. பயிற்சியில் மாடல் பாண்டாவைப் படிப்பதற்குப் பதிலாகக் கோலத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. 2016இல் அலெக்ஸி குராகின், குட்ஃபெலோ, சாமி பெஞ்சியோ ஆகியோர் இமேஜ்நெட்டில் இதைக் கண்டு, லேபிள் கசிவு என்று பெயரிட்டார்கள்.

மருந்து எளியது: y-க்குப் பதிலாக மாடலே ஊகித்த விடையை வைத்துப் படத்தை உருவாக்குங்கள். அப்போது சரியான விடை கசிய வழியில்லை. ஆனால் கசிவை அடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த கேள்வியில் உள்ளது இதைவிட ஆழமான கோளாறு.

எஃப்ஜிஎஸ்எம் தாக்குதலில் 90 விழுக்காட்டுக்கு மேல், பிஜிடி தாக்குதலில் 0. இரண்டில் எதை நம்புவது?

பூச்சியத்தை. பிஜிடி என்பது அதே எப்சிலான் எல்லைக்குள் சிறு சிறு படிகளாகப் பலமுறை நகர்ந்து, ஒவ்வொரு படியிலும் கிரேடியன்டைப் புதிதாகக் கணக்கிடும் தாக்குதல். எல்லையைத் தாண்டினால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அது கண்டுபிடித்த ஏமாற்றுப் படம் நீங்கள் அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே மாடல் பாதுகாப்பானது அல்ல என்பதற்கு அதுவே சான்று. எஃப்ஜிஎஸ்எம் கண்டுபிடிக்காமல் போனது எஃப்ஜிஎஸ்எம்மின் இயலாமையைத்தான் காட்டும்.

அலெக்சாந்தர் மாட்ரி குழுவினர் 2017இல் வெளியிட்ட சிஃபார்-10 எண்களை இதற்கு அடிக்கடி கரும்பலகையில் எழுதுவேன். எப்சிலான் 8/255. எஃப்ஜிஎஸ்எம் கொண்டு பயிற்றுவித்த அவர்களுடைய பெரிய மாடலுக்குச் சாதாரணத் துல்லியம் 90.3, எஃப்ஜிஎஸ்எம் தாக்குதலில் 95.1, பிஜிடி தாக்குதலில் 0.0. நடுவில் உள்ள எண் முதல் எண்ணைவிடப் பெரிது என்பது முந்தைய விடையில் சொன்ன அறிகுறி. எந்தத் தற்காப்பும் இல்லாமல் பயின்ற அதே மாடல் பிஜிடி தாக்குதலில் 3.5 விழுக்காடாவது வைத்திருந்தது! பிஜிடி கொண்டே பயிற்றுவித்த மாடலின் எண்கள் முறையே 87.3, 56.1, 45.8. பார்க்க அழகில்லாத இந்த மூன்று எண்கள்தான் உண்மையான முன்னேற்றம்.

உள்ளே நடந்தது இது. எஃப்ஜிஎஸ்எம் எப்போதும் எல்லையின் ஓரத்துக்கு ஒரே தாவலில் போய்விடுகிறது. நடுவழியில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. பயிற்சி அந்த ஓரத்தில் மட்டும் தண்டனை தருவதால், மாடல் படத்தின் அருகே லாஸ் பரப்பைக் கடுமையாக வளைத்துவிடுகிறது. படம் இருக்கும் புள்ளியில் கணக்கிட்ட கிரேடியன்ட் ஒரு திசையைக் காட்டும். ஆபத்து வேறு திசையில் இருக்கும். இரண்டாவது கேள்வியில் பார்த்த நேர்கோட்டுத் தன்மைதான் எஃப்ஜிஎஸ்எம்மின் உயிர். அந்தத் தன்மையை உள்ளூரில் கெடுத்துவிட்டால் எஃப்ஜிஎஸ்எம் குருடாகிவிடும்; ஏமாற்றுப் படங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் எஃப்ஜிஎஸ்எம் பயிற்சியைக் கைவிட்டுவிட வேண்டுமா? பிஜிடி பயிற்சிக்கு என் கணினி தாங்காது.

கைவிட வேண்டியதில்லை. ஏழு படி பிஜிடி கொண்டு பயிற்றுவித்தால், ஒரு தொகுதிக்கு எஃப்ஜிஎஸ்எம் பயிற்சியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கணக்கீடு ஆகும் என்பது உண்மை. எரிக் வாங், லெஸ்லி ரைஸ், ஜிகோ கோல்டர் மூவரும் 2020இல் காட்டியது, ஒரு சிறு திருத்தத்தோடு எஃப்ஜிஎஸ்எம் பயிற்சியே பெரும்பாலும் போதும் என்பது. படத்திலிருந்து நேரடியாகத் தாவாமல், எப்சிலான் எல்லைக்குள் தற்போக்கான ஒரு புள்ளிக்கு முதலில் நகர்ந்து, அங்கே கிரேடியன்டைக் கணக்கிட்டு, அங்கிருந்து ஒரு படி எடுத்து வைத்து, எல்லைக்குள் நறுக்கிக்கொள்வது. சிஃபார்-10இல் எல்லை 8/255 என்றால் படியின் நீளம் 10/255. தொடக்கப் புள்ளி ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஓரத்தை மட்டும் மெழுகித் தப்பிக்கும் வழி மாடலுக்குப் பெரிதும் அடைபடுகிறது.

பெரிதும் என்றேன், முழுதும் என்று சொல்லவில்லை. படியின் நீளத்தைக் கூட்டினாலோ, பயிற்சியை நீட்டித்தாலோ, நன்றாகப் போய்க்கொண்டிருந்த மாடல் ஓரிரு சுற்றுகளுக்குள் பிஜிடி துல்லியத்தை இழந்து சுழியத்துக்கு விழுவதுண்டு. அதே நேரத்தில் எஃப்ஜிஎஸ்எம் துல்லியம் திடீரென்று ஏறும். பயிற்சி வரைபடத்தில் எஃப்ஜிஎஸ்எம் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், பேரிழப்பு நேரும் அதே நொடியில் மகிழ்ச்சி அடைவார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரே ஒரு பயிற்சித் தொகுதியின் மேல் பிஜிடி ஓட்டி அந்த எண்ணையும் பதிவு செய்யுங்கள். அது சரிந்ததும் நிறுத்தி, சரிவுக்கு முந்தைய எடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு மிகச் சிறிது.

மாடல் உண்மையிலேயே உறுதியானதா, கிரேடியன்டை மறைத்துக்கொண்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் முதலில் பார்ப்பது எப்சிலானைப் படிப்படியாக மாற்றிய எஃப்ஜிஎஸ்எம் எண்களை: 2/255, 4/255, 6/255, 8/255. எல்லை பெரிதாகப் பெரிதாகத் துல்லியம் இறங்கிக்கொண்டே போக வேண்டும். 4/255இல் குறைந்து 8/255இல் மறுபடி ஏறினால், மாடல் பயிற்சியில் பார்த்த ஓரத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. அடுத்து எப்சிலானை 1 வரை உயர்த்துங்கள். எந்தப் பிக்சலையும் எப்படியும் மாற்றலாம் என்ற நிலையில் பிஜிடி எல்லாப் படங்களிலும் வென்றாக வேண்டும். வெல்லாவிட்டால் தாக்குதலுக்குக் கிரேடியன்ட் சரியாகக் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக, வேறொரு மாடலில் உருவாக்கிய ஏமாற்றுப் படங்களை இதனிடம் கொடுங்கள். எடைகள் முழுவதும் கையில் இருக்கும்போது செய்யும் தாக்குதலைவிட, வெளியாளின் தாக்குதல் அதிகம் வென்றால் கிரேடியன்ட் மறைக்கப்பட்டிருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. மாடல் அளவுகடந்த உறுதியோடு விடை சொல்லும்போது, கிரேடியன்ட் 32 பிட் எண்ணுக்குள் அடங்காத அளவு சிறிதாகிச் சுழியமாகிவிடுவதும் உண்டு. சுழியத்தின் குறி சுழியம், ஆகவே படம் மாறுவதே இல்லை. `(g == 0).float().mean()` என்று ஒரு வரி அச்சிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளைத் தவிர்ப்பது புதியவர்கள் மட்டும் அல்ல. 2018இல் அனிஷ் அதல்யே, நிக்கலஸ் கார்லினி, டேவிட் வாக்னர் ஆகியோர் அந்த ஆண்டின் ஐசிஎல்ஆர் மாநாட்டுக்கு ஏற்கப்பட்ட ஒன்பது தற்காப்பு முறைகளை ஆராய்ந்தார்கள். ஏழு கிரேடியன்டை மறைப்பதையே நம்பியிருந்தன. அவற்றில் ஆறு முழுமையாகவும் ஒன்று பகுதியாகவும் உடைக்கப்பட்டன.

அட்வர்சேரியல் பயிற்சிக்குப் பிறகு சாதாரணத் துல்லியம் குறைந்துவிட்டது. நான் ஏதாவது தவறு செய்தேனா?

சில புள்ளிகள் குறைவது எதிர்பார்க்கத்தக்கதே. மேலே சொன்ன மாட்ரி குழுவின் பெரிய மாடல் தற்காப்பு இல்லாமல் 95.2 விழுக்காடு எடுத்தது. பிஜிடி பயிற்சிக்குப் பிறகு 87.3. சாதாரணமாகப் பயிலும் மாடல், மனிதர் கண்டுகொள்ளாத மெல்லிய தடயங்களையும் விடை சொல்லப் பயன்படுத்துகிறது. எப்சிலான் அளவு மாற்றத்தால் அழிந்துவிடும் தடயங்களை நம்பக்கூடாது என்று பயிற்சி கட்டாயப்படுத்தும்போது, அவற்றால் கிடைத்த துல்லியமும் போய்விடும். மாடல் சிறியதாக இருந்தால் இழப்பு கூடும்: அதே ஆய்வில் சிறிய மாடல் 92.7இலிருந்து 79.4க்கு இறங்கியது. எனவே குறைவைக் கண்டதும் எப்சிலானைக் குறைப்பதற்கு முன், மாடலின் கொள்ளளவை உயர்த்திப் பாருங்கள்.

எம்னிஸ்டில் நிலைமை வேறு. எஃப்ஜிஎஸ்எம் கட்டுரையில் சாதாரணப் பிழையே 0.94இலிருந்து 0.84 விழுக்காடாகக் குறைந்தது. அந்த எண்ணை எதிர்பார்த்துக்கொண்டு சிஃபார்-10க்கு வருபவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள்.

8/255க்குப் பயிற்றுவித்த மாடல் 16/255ஐத் தாங்குமா? படத்தைச் சற்றுச் சுழற்றினால்?

ஓரளவுக்கு மேல் தாங்காது. பயிற்சியில் கொடுத்த எல்லைக்கு வெளியே துல்லியம் விரைவாகச் சரியும். சுழற்சி வேறு வகை மாற்றம். படம் சில பாகை திரும்பினாலே விளிம்புகளில் உள்ள பிக்சல்கள் 8/255ஐவிடப் பல மடங்கு மாறிவிடுவதால், நாம் காத்த எல்லைக்குள் அது வருவதே இல்லை. ஆகவே அறிக்கையில் "இந்த மாடல் உறுதியானது" என்று எழுதாமல், எந்த டேட்டாவில், பிக்சலுக்கு எவ்வளவு எல்லைக்குள், எத்தனை படி பிஜிடி தாக்குதலுக்கு எதிராக, எத்தனை விழுக்காடு என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.